பலகையில் ஒரு பெயர், பொறுப்பில் ஒரு பெயர்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சரும் ஜிஎஸ்டி மன்றத்தின் தலைவருமான தங்களுக்கு,

மதுரையில் பல ஆண்டுகளாக நுகர்வோர் ஆணையத்துக்கான மனுக்களை எழுதித் தந்துவருகிறேன். மனுவின் முதல் பக்கத்திலேயே ‘எதிர்தரப்பினர்’ என்று ஓர் இடம் வரும். அந்த இடத்தை நிரப்பத்தான் பல நேரங்களில் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. தங்கள் மன்றத்தின் பரிந்துரைப்படி சில விதிகளில் ஒருசில சொற்களைச் சேர்த்தால் அந்த அலைச்சல் குறையும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு ரூ. 2,60,000 பேசி, ரூ. 1,40,000 முன்பணம் கொடுத்தார். கொடுத்த ரசீதில் கடையின் பெயர், தெரு, கைபேசி எண், முத்திரை எல்லாம் இருந்தன. பணம் அனுப்பியபோது கைபேசித் திரையில் வந்த பெயர் வேறு. அதை அவர் கவனிக்கவில்லை. அலமாரிச் சட்டங்கள் மட்டும் பொருத்தப்பட்டு வேலை நின்றது. கடைக்குப் போனால் அதே பலகை, அதே மேசை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர் புதியவர்.

கடையின் பெயருக்கு அறிவிப்பு அனுப்பினோம். பதில் வந்தது: “நான் இந்தக் கடையை எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது. பலகையும் தளவாடங்களும் மட்டுமே வாங்கினேன். பழைய வேலைகளுக்கு நான் பொறுப்பல்ல.” அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “அப்படின்னா நான் யார்கிட்டப்பா பணத்தைக் கொடுத்தேன்?”

சட்டத்தின்படி அது சரியான கேள்வி. ஒருவர் தனியாக நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி உருவம் கிடையாது. கடையின் பெயர் அவர் போட்டுக்கொண்ட சட்டை மாதிரி. கடன்பட்டிருப்பது சட்டைக்குள் இருக்கும் ஆள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 30, விதி 10 கடைப்பெயரிலேயே ஒருவர்மீது வழக்குத் தொடுக்க வழிவிடுகிறது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு யாருடைய வங்கிக் கணக்கை முடக்குவது, யாருடைய சொத்தைப் பற்றுவது என்ற கேள்விக்கு ஆள் வேண்டும். பலகை கைமாறியிருந்தால் அந்தப் பெயர் தவறான ஆளைக்கூடக் காட்டிவிடும்.

பதிவு செய்த நிறுவனமாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இவ்வளவு முற்றியிருக்காது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 12ஆம் பிரிவு, வணிகம் நடக்கும் ஒவ்வொரு இடத்தின் வெளியிலும் நிறுவனத்தின் பெயரை உள்ளூர் மொழியிலும் எழுதிவைக்கச் சொல்கிறது. பில் தலைப்பிலும் கடிதத்திலும் அது இருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 1,000 வீதம் ஒரு லட்சம் வரை தண்டம். கடைத்தெருவில் நிறைந்திருக்கும் தனி உரிமையாளர் கடைகளுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது.

எங்களுக்கு வழி திறந்தது ஒரு புகைப்படத்தால்தான். முன்பணம் கொடுத்த அன்று அந்த அம்மாவின் பேத்தி கடை வாசலில் படம் எடுத்திருந்தாள். பலகையின் கீழ் ஓரத்தில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் தெரிந்தது. பலகையில் அந்த எண் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி 18. அந்த விதிக்கு அன்று நான் உண்மையிலேயே நன்றி சொன்னேன்.

அந்த எண்ணுக்குள் ஒரு முகவரிச் சீட்டே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, உரிமையாளர் எந்த வகை என்று சொல்லிவிடும்: P என்றால் தனி மனிதர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. எங்கள் படத்தில் இருந்தது P. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தட்டியதும் Legal Name of Business என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயரும், Trade Name என்ற இடத்தில் கடையின் பெயரும் வந்தன. பதிவு ரத்தாகியிருந்தது. அவரது வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, மனுவைத் திருத்திச் சேர்த்தபோது ஏழு மாதம் போயிருந்தது. நுகர்வோர் புகாருக்குச் சட்டம் தரும் காலமே இரண்டு ஆண்டுகள்தான்.

புகைப்படம் இல்லாதவர் என்ன செய்வார்? கடைப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், ஒரே பெயரில் எத்தனையோ பேர் பதிந்திருக்கலாம். முருகன் பெயரிலும் லட்சுமி பெயரிலும் ஊருக்கு நாலு கடை இருக்கும் நாடு இது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி 46, முதல் உட்பிரிவில் விற்பவரின் “பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்” என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பெயர் என்று சொல்லவில்லை. முன்பண ரசீதுக்கான விதி 50-இலும் அதே நிலை. அதனால் கடைப்பெயரை மட்டும் அச்சடித்தவர், தான் விதியை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஆனால் இதே துறை இன்னோர் இடத்தில் வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்திருக்கிறது. மின்-பில்லின் படிவத்தில் விற்பவரின் சட்டப்பெயருக்கான `LglNm` கட்டாயம். கடைப்பெயருக்கான `TrdNm` விருப்பம். அந்த முறை, ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பிற வணிகர்களுக்கு விற்கும்போது பொருந்துகிறது. கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் வணிகருக்குச் சட்டப்பெயர் கட்டாயமாகக் கிடைக்கிறது. சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் அம்மாவுக்குக் கிடைப்பதில்லை.

எனவே விதி 46-இலும் 50-இலும் “பெயர்” என்பதைப் “பதிவுச் சான்றிதழில் உள்ள சட்டப்பெயர், கடைப்பெயர் இருந்தால் அதுவும்” என்று மாற்றுங்கள். விதி 18-இல் பலகையில் எண்ணோடு சட்டப்பெயரையும் சேருங்கள். பில்லில் ‘இன்ன பெயரில் வணிகம் செய்யும் இன்னார்’ என்று ஒரே வரி போதும்.

சிறு வணிகர்களுக்குச் சுமை என்று சொல்வார்கள். கடைப்பெயரை யாரும் விடச் சொல்லவில்லை. தாத்தா வைத்த பெயரும் குலசாமி பெயரும் பலகையில் பெரிதாகவே இருக்கட்டும். உரிமையாளரின் பெயர் வெளியே தெரியும் என்ற தயக்கமும் பொருந்தாது. எண் தெரிந்த எவருக்கும் தளத்தில் அது இன்றே தெரிகிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், வேறு பெயரில் வணிகம் செய்யும் தனிமனிதர் தன் பெயரைக் கடிதம், பில், ரசீது, கடையின் உட்புறம் எல்லாவற்றிலும் காட்ட வேண்டும் என்கிறது.

ஜிஎஸ்டி பதிவுக்கே வராத சிறு கடைகளை இந்தத் திருத்தம் தொடாது. அவற்றை மாநிலக் கடைகள் சட்டம் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று முன்பணம் வாங்கும் கடைகளில் பல தங்கள் பதிவேட்டில்தான் இருக்கின்றன.

அந்த அம்மாவின் மனு இப்போது சரியான பெயரில் நிலுவையில் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கான பதில் ஏழு மாதமும் அரசின் பதிவேட்டில் இருந்தது. அது அவர் கையில் இருந்த ரசீதிலேயே இருந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நுகர்வோர் மனு எழுதித் தரும் ஒருவர்,
மதுரை.