விருந்தினரின் பையில் என்ன இருக்க வேண்டும்? பயண நிரலே சொல்லட்டும்

மாத்தளை மாவட்டத்தில் வான் வைத்து ஓடுபவர்களும், தம்புள்ளை, சீகிரியா பக்கத்தில் நாலைந்து அறைகளோடு விடுதி நடத்துபவர்களுமாக எம்மவர்கள் பலர் சுற்றுலாத் தொழிலில் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு இவர்கள் பயண நிரல் அனுப்பும்போது கடைசிப் பக்கத்தில் "கொண்டு வர வேண்டியவை" என்று ஒரு சிறு பட்டியலும் இருக்கும். குடை, தொப்பி, வெயில் கிறீம், நுளம்புக்கான மருந்து, வசதியான சப்பாத்து. எந்த நிறுவனத்தின் பட்டியலை எடுத்தாலும் இதே ஐந்துதான். ஒருவர் எழுதியதை மற்றவர் பிரதி எடுக்கிறார். காலிக்குப் போகிறவருக்கும் இதே பட்டியல், நக்கில்ஸ் மலைக்குப் போகிறவருக்கும் இதே பட்டியல்.

இந்தப் பட்டியலை எறிந்துவிட்டு, பயண நிரலை முன்னால் வைத்துக்கொண்டு நாள் நாளாகப் புதிதாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. அதை எழுத வேண்டியவரும் விருந்தினர் அல்ல, நாம்தான். ஏனெனில் நிரலில் இருப்பவை இடங்களின் பெயர்கள் மட்டுமே. "ரிவர்ஸ்டன்" என்று படிக்கும் துபாய்க்காரருக்கு அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

ஓர் உதாரண நிரலை எடுத்துக்கொள்வோம். முதலாம் நாள்: கட்டுநாயக்காவில் இறங்கி, குருநாகல், கலேவெல வழியாகத் தம்புள்ளை குகை விகாரை, இரவு சீகிரியா. இரண்டாம் நாள்: காலையில் சீகிரியாக் குன்று, பிற்பகல் நாலந்தா கெடிகே, வாசனைத் திரவியத் தோட்டம், இரவு மாத்தளை. மூன்றாம் நாள்: ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை, சேர எல்ல நீர்வீழ்ச்சி, இரவு கண்டி. நாலாம் நாள் விமான நிலையம். நமது பக்கத்தில் மிகவும் சாதாரணமாக விற்பனையாகும் சுற்றுலா இது.

முதல் வேலை, இடத்தின் பெயரை அடித்துவிட்டு அங்கே விருந்தினர் செய்யப்போகும் காரியத்தை எழுதுவது. "தம்புள்ளை விகாரை" என்பதை "வெயிலில் பாறையேறுதல், சப்பாத்தைக் கழற்றுதல், வெறுங்காலுடன் முற்றத்தில் நடத்தல், முழங்காலும் தோளும் மூடிய உடையில் உள்ளே செல்லுதல்" என்று எழுத வேண்டும். இப்படி எழுதியவுடன் தேவையான சாமான்கள் தாமாகவே வந்து நிற்கும். மூடிய உடை வேண்டும். இலகுவில் கழற்றக்கூடிய சப்பாத்து வேண்டும். நண்பகலில் அந்தக் கல் தரை காலைச் சுடும். காலுறையோடு நடக்கலாம் என்பதால் ஒரு சோடி தடித்த காலுறை வேண்டும். தொப்பியையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதைப் போட்டுக்கொள்ள ஒரு கைப்பை வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது முதலாம் நாள். விருந்தினர் விமானத்திலிருந்து நேராக வருகிறார். அரைக்காற்சட்டையோடு இறங்கி, நீண்ட களிசானைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்திருந்தால், விகாரை வாசலில் வானின் பின்கதவைத் திறந்து எட்டுப் பெட்டிகளை வெளியே இறக்க வேண்டியிருக்கும். இதில் அரை மணித்தியாலம் போய்விட்டால் அன்றைய மாலையே குழம்பிவிடும். ஆகவே பட்டியலில் "நீண்ட களிசான்" என்று எழுதினால் மட்டும் போதாது, "விமானத்தில் அணிந்து வரவும்" என்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் அது உடம்பில் இருக்க வேண்டுமா, கைப்பையிலா, வானில் உள்ள பெட்டியிலா என்று குறிக்காத பட்டியல் அரைப் பட்டியல்தான்.

இரண்டாம் நாளுக்கு வருவோம். சீகிரியா என்றால் சுமார் 1,200 படிகள் ஏறுவதும் அதே அளவு இறங்குவதுமாகும். பாறையின் பக்கவாட்டில் உள்ள இரும்புப் படிகள் ஒடுக்கமானவை. இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே தோளில் மாட்டும் சிறு பை, தண்ணீர்ப் போத்தல், பிடிப்புள்ள சப்பாத்து. மேலே காற்று பலம் என்பதால் நாடி நாடாவுள்ள தொப்பி. நம் விருந்தினரில் நீண்ட அபாயா அணியும் பெண்கள் இருப்பார்கள். காற்றும் படியும் சேர்ந்து அவர்களைச் சிரமப்படுத்தாமல் இருக்க, அடியில் நீண்ட களிசான், சற்றே குட்டையான அபாயா, சால்வைக்கு நாலு ஊசி என்று எழுதிவிட்டால் அவர்கள் நன்றி சொல்வார்கள். அந்தக் குன்றில் குளவிக் கூடுகள் உண்டு, அமைதியாகச் செல்லுமாறு அறிவிப்புப் பலகையும் உண்டு. எனவே இந்த நாளுக்கு "கொண்டு வர வேண்டாம்" என்றும் ஒரு வரி வேண்டும்: கடும் வாசனையுள்ள அத்தர், சென்ட் அன்று காலை பூச வேண்டாம். குளவி கொட்டினால் ஒவ்வாமை ஏற்படும் என்று தெரிந்தவர் தன் மருந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வானில் விட்டுவிட்டு ஏறினால் அந்த மருந்தால் பயனில்லை.

பிற்பகல் நிகழ்ச்சி இலேசானது. ஆனால் வாசனைத் திரவியத் தோட்டத்தில் விருந்தினர் செய்யும் காரியம் பார்ப்பது மட்டுமல்ல, வாங்குவதும்தான். ஆகவே இந்த நாளின் முக்கியமான சாமான் பெட்டியில் உள்ள வெற்றிடம். கறுவா எண்ணெய், மூலிகைத் தைலம் ஆகியன கண்ணாடிப் போத்தலில் வரும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் விமானத்தில் கைப்பையில் போகாது, பெட்டியில்தான் போக வேண்டும். அதைச் சுற்றி வைக்க இரண்டு பழைய உடுப்பும் ஒரு பிளாஸ்திக் பையும் போதும்.

மூன்றாம் நாள்தான் பொதுப் பட்டியல் முற்றாகத் தோற்கும் நாள். ரிவர்ஸ்டனில் மூடுபனியும் காற்றும் சேர்ந்து வரும்போது குடையை விரித்தால் அது மறுபக்கம் மடிந்துவிடும். அங்கே வேண்டியது தலைமூடியுள்ள மழைக்கோட்டு. முந்திய நாள் சீகிரியாவின் ஒடுக்கமான படியிலும் குடை மற்றவர் கண்ணைக் குத்தும். அப்படியானால் எல்லாப் பட்டியலிலும் முதலாவதாக நிற்கும் குடை, இந்த நிரலில் இரண்டாம் நாள் பிற்பகலுக்கு மட்டுமே உதவுகிறது. அதை நாமே வானில் இரண்டு வைத்திருந்தால் போதும்.

பிட்டவல பத்தனையில் புல்வெளியில் நடக்க வேண்டும். மழைக்குப் பின் அட்டை இருக்கும். இதற்கு நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறை உண்டு. சப்பாத்துக்கு உள்ளே அணிந்து, களிசானின் அடியை அதற்குள் விட்டு, மேலே நாடாவால் கட்ட வேண்டும். ரத்தோட்டையைத் தாண்டினால் இதைத் தேடிக் கடை கடையாக அலைய முடியாது. விருந்தினர் தன் நாட்டில் தேடுவதும் வீண். ஆகவே இது "நாம் கொடுப்பது" என்ற வரிசையில் வர வேண்டிய சாமான். ஆறு சோடி வாங்கிக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். கூடவே ஒரு சிறு டப்பாவில் உப்பும், கடித்த இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதிக்கும் என்பதால் பஞ்சும் பிளாஸ்டரும். நல்ல வறட்சிக் காலத்தில் இதெல்லாம் தேவைப்படாமலும் போகலாம். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் "மழை பெய்திருந்தால்" என்று குறிப்பது நல்லது.

சேர எல்லயில் நீர்வீழ்ச்சியின் பின்புறமாகப் பாறைக்குடைவில் போய் நிற்கலாம் என்பதுதான் கவர்ச்சி. போனால் நனையாமல் திரும்ப முடியாது. நாடாவுள்ள றப்பர் செருப்பு, துவாய், மாற்றுடுப்பு, கைத்தொலைபேசிக்கு நீர் புகாத உறை. சப்பாத்தோடு இறங்கினால் அது நனையும், அடுத்த நாள் விமானத்துக்கு அதையே அணிய வேண்டும். நிரலின் கடைசி நாட்களில் நனைக்கும் நிகழ்ச்சி இருந்தால் உலர்த்த இரவில்லை என்பதை நிரலைப் படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். ஈர உடுப்புக்கு ஒரு தனிப் பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லுஹர் நேரம் மலையில்தான் வரும் என்பதால் தொழுகை விரிப்பு ஒன்றும் அன்றைய கைப்பையில் இருக்கட்டும்.

இனி மூன்று நாளையும் ஒன்றாகச் சேர்க்கலாம். இதில் பலர் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். தேய்ந்து அழுக்காகும் காலுறை, உள்ளாடை போன்றவற்றைத்தான் கூட்ட வேண்டும். தொப்பி, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் ஆகியன எத்தனை நாளில் வந்தாலும் ஒன்றுதான். இப்படிச் சேர்த்தால் ஒருவருக்குக் காலுறை, தம்புள்ளைக்கு ஒன்று, சீகிரியாவுக்கு ஒன்று, மூன்றாம் நாள் மலைக்கு ஒன்று, நனைந்தபின் மாற்ற ஒன்று, ஊர் திரும்ப ஒன்று என ஐந்து சோடி. சப்பாத்து ஒரே சோடி, றப்பர் செருப்பு ஒரு சோடி. எட்டுப் பேர் ஏறும் வானில் பெட்டி வைக்கும் இடம் எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பெறுமதி புரியும்.

சேர்த்து முடிந்ததும் பட்டியலை இரண்டு திசையிலும் சரிபார்க்க வேண்டும். நிரலின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, அதற்குரிய சாமான் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். பிறகு பட்டியலின் ஒவ்வொரு சாமானிலும் விரலை வைத்து, இதைக் கேட்பது நிரலின் எந்த வரி என்று கேளுங்கள். எந்த வரியும் கேட்காத சாமானை அடித்துவிடலாம். நமது உதாரணத்தில் நீச்சல் உடுப்பு அப்படித்தான் வெளியேறும், விடுதியில் நீச்சல் தடாகம் இருந்தாலன்றி. இங்கே ஒரு குறைபாடு உண்டு. கைத்தொலைபேசி மின்னேற்றி, அன்றாடம் எடுக்கும் மாத்திரை, கடவுச்சீட்டு ஆகியவற்றை நிரலின் எந்த வரியும் கேட்காது. "எல்லா நாளும்" என்று ஒரு தனி வரியை நிரலின் மேலே எழுதி அவற்றை அதன்கீழ் வையுங்கள்.

மலையில் கடும் மழை என்று செய்தி வந்தால் மூன்றாம் நாளை முதலாம் நாளாக மாற்றுகிறோம். "மூன்றாம் நாள்: மழைக்கோட்டு" என்று எழுதியிருந்தால் அந்த நேரம் பட்டியல் பொய்யாகிவிடும். "ரிவர்ஸ்டன்: மழைக்கோட்டு" என்று நிகழ்ச்சியோடு கட்டியிருந்தால், நிகழ்ச்சி எங்கே நகர்ந்தாலும் சாமான் அதோடு நகரும். முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில் "நாளை கைப்பையில் இவை" என்று அந்த நாலு வரியை மட்டும் வெட்டி அனுப்பலாம்.

இப்படி ஒரு நிரலுக்கு எழுத முதல் தடவை ஒரு பின்னேரம் போகும். ஆனால் நம் பக்கத்தில் விற்கும் நிகழ்ச்சிகள் பதினைந்து இருபதுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி வைத்துவிட்டால், அடுத்த நிரலுக்கு அந்தத் தாள்களை எடுத்து அடுக்குவதுதான் வேலை. பயணம் முடிந்து வந்ததும் வான் சாரதியிடம் "இந்தத் தடவை வழியில் எதை வாங்க நிறுத்தினீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் சாமானை உரிய தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.