ஒரு மூட்டைக்கு எவ்வளவு கான்கிரீட்?

50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றில் 1:2:4 கலவை போட்டால் சுமார் 0.158 கனமீட்டர் கான்கிரீட் கிடைக்கும். கூரைத் தளத்துக்கான 1:1½:3 கலவையில் 0.124 கனமீட்டர்தான். ஜல்லி இடுக்குகளில் மணலும் சிமென்ட்டும் புகுந்துவிடுவதால், கொட்டிய அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கான்கிரீட்டாக நிற்கும்.

600 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் 250 கன அடி, அதாவது சுமார் 7.1 கனமீட்டர். 1:1½:3 கலவைக்கு 57 மூட்டை ஆகும். பீம்களுக்குத் தனிக் கணக்கு.

பாதித் தளம் முடிந்ததும் காலிச் சாக்குகளை எண்ணிப் பாருங்கள். 28 இருக்க வேண்டும். 22, 23தான் இருந்தால், ஒன்று கலவை 1:2:4 ஆகியிருக்கும். இல்லையேல் தளம் 4 அங்குலமாக இளைத்திருக்கும். தடிமனை ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் எது என்று தெரிந்துவிடும். கான்கிரீட் இறுகிவிட்டால் இரண்டையும் திருத்த முடியாது.