பவர் கொடுத்த அம்மாவுக்கு யார் விளக்குவது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பொது அதிகாரப் பத்திரம் பதிய வரும் வயதான தாயிடம் பெரும்பாலும் ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: "சம்மதம்தானேம்மா?" அவர் தலையசைக்கிறார். விரல் ரேகை பதிகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், வேலை முடிந்துவிடுகிறது. எதற்குச் சம்மதம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய மகனோ, பத்திர எழுத்தரோ, சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறவினரோ அதைச் சொல்வதில்லை. இதைப் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன். பவர் பத்திரம் தொடர்பான குடும்ப வழக்குகளில் பலவற்றுக்கு மோசடியைவிட இந்த விளக்கமின்மைதான் முதல் காரணம்.

பவர் கொடுத்த பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால் மூன்றுவிதமான எண்ணங்கள் தெரியவரும். "வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன்" என்று நினைத்து, அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனக்காரர்போல ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. "ஈ.பி. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைய முடியலை, அதுக்காகத்தான் ஒரு கையெழுத்து" என்று இலேசாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. "நாளைக்கு எனக்கு நினைவு தப்பினாலும் அவன் பார்த்துக்குவான்" என்று நிம்மதியடைபவர்களும் உண்டு. மூன்றுமே தவறு.

முதல் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். பவர் கொடுத்ததால் சொத்து கைமாறுவதில்லை. பத்திரத்தில் முகவர் என்று எழுதப்படும் மகன் அம்மாவின் இடத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான். பவரை வைத்தே சொத்தை வாங்கி விற்கும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியிருந்தபோது, சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் இதைத் தெளிவாகச் சொன்னது: பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால்தான் மாறும். ஆகவே பவர் கொடுத்த மறுநாளும் அம்மா தன் வீட்டை வாடகைக்கு விடலாம், வாடகையைத் தானே வாங்கலாம், மனம் மாறினால் தானே விற்கவும் செய்யலாம். உயில் எழுதும் உரிமை முழுக்க அவருடையது. அந்த வேலையை எந்தப் பவராலும் மகனிடம் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையெழுத்துக்கு வரும் காகிதம் பவர்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். "பவர்" என்று வாய்மொழியாகச் சொல்லி, தானப் பத்திரத்திலோ செட்டில்மெண்ட் பத்திரத்திலோ கையெழுத்து வாங்கிவிட்டதாக நீதிமன்றங்களுக்கு வரும் புகார்கள் புதிதல்ல. செட்டில்மெண்டில் சொத்து அன்றே கைமாறிவிடுகிறது. நினைத்தபோது ஒருதலையாக ரத்து செய்யவும் முடியாது. முதல் பக்கத் தலைப்பை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வது அம்மாவின் உரிமை.

இரண்டாவது எண்ணத்துக்கு, அதாவது இது வெறும் அலைச்சல் மிச்சம் என்ற நினைப்புக்கு, கோழிக்கோட்டிலிருந்து வந்த ஒரு வழக்கு நல்ல பாடம். தந்தை வழியில் வந்த சொத்தில் பங்குள்ள ஒரு பெண், 1971இல் தன் சகோதரிக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்தார். 1985இல் அதை ரத்து செய்தார். அதற்குள் சகோதரி நான்கு ஆவணங்கள் மூலம் சொத்துகளை வெளியாருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். வழக்கு பல கட்டங்களைக் கடந்து உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் வி. ராமசுப்பிரமணியனும் பவர் பத்திரத்தின் வாசகங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். குத்தகைக்கு விட அதிகாரம் இருந்தது, சொத்தை ஈடு வைத்துக் கடன் வாங்க அதிகாரம் இருந்தது, ஆவணங்களை எழுதிப் பதிவு செய்யவும் அதிகாரம் இருந்தது. விற்கலாம் என்ற சொல் மட்டும் இல்லை. பதிவு செய்யும் அதிகாரம் இருப்பதால் விற்கும் அதிகாரமும் உள்ளடங்கியிருக்கிறது என்று ஊகிக்க முடியாது என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு அவருடைய பங்கு காப்பாற்றப்பட்டது.

பவர் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் அதிகாரம், எழுதாததைப் பொதுவான வாசகத்திலிருந்து இழுத்து எடுக்க முடியாது என்பதே இந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் இதை நினைத்து மட்டும் நிம்மதியடைய முடியாது. ரத்து செய்த ஆண்டிலிருந்து தீர்ப்பு வந்த ஆண்டு வரை எண்ணினால் 37 ஆண்டுகள். மேலும், இன்று நம் பத்திர எழுத்தர்கள் கையில் இருக்கும் மாதிரி வாசகத்தில் "கிரயம் செய்யவும், அடமானம் வைக்கவும், தொகையைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கவும்" என்று எல்லாமே இருக்கின்றன. கடைசியில், முகவர் செய்யும் சகல காரியங்களும் நானே நேரில் செய்ததாகும் என்ற ஒரு வரியும் வரும். அலைச்சலை மிச்சப்படுத்தத்தான் கொடுத்தேன் என்று பிறகு சொன்னால், அந்த வாசகத்தை நம்பி வாங்கியவரிடம் அது எடுபடாது.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துப் பார்க்கலாம். மதுரையில் ஒரு தாய். குடியிருக்கும் வீடு ஒன்று, ஊருக்கு வெளியே காலி மனை ஒன்று. மனையை விற்று மருத்துவச் செலவைப் பார்க்க வேண்டும், அலைவதற்கு மகன்தான் இருக்கிறார். மாதிரி வாசகத்தை அப்படியே அடித்தால், தபசிலில் வீடும் மனையும் சேர்ந்தே ஏறிவிடும். வீட்டை வைத்து மகன் கடன் வாங்கினாலும் அது அம்மா கொடுத்த அதிகாரத்துக்குள்தான் வரும். இந்தத் தாய்க்குத் தேவைப்படுவது குறிப்பிட்ட காரியத்துக்கான தனி அதிகாரப் பத்திரம். தபசிலில் மனை மட்டும் இருக்க வேண்டும். விலை பேசவும், கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடவும், பதிவுக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் கொடுத்தால் போதும். கிரயத் தொகை அம்மாவின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். வாங்குபவர் பவரைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார் என்பதால், அந்த ஒரு வரி அவரையும் கட்டும்.

பணம் கை மாறுகிற இடத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன, ஆகவே இதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மனை 40 லட்ச ரூபாய்க்கு விற்றால் அந்த 40 லட்சமும் அம்மாவுடையது. மூலதன ஆதாய வரி வந்தால் அதுவும் அம்மாவின் பெயரில்தான் வரும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்றும், அதிகாரம் கொடுத்தவருக்காக வாங்கிய பணத்தை அவரிடம் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மாவுக்கு எல்லா விவரமும் தெரிவித்து ஒப்புதல் வாங்காமல் மகன் அந்த மனையைத் தனக்கே விற்றுக்கொள்ள முடியாது. மனைவி பெயரில் மறைமுகமாக வாங்கினாலும் கேள்வி எழும். பத்திரத்தில் இடம் கொடுக்காவிட்டால் அவர் தன் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது. "நான்தானே பார்த்துக்கறேன், எதுக்குக் கணக்கு?" என்று மகன் கேட்டால், கணக்குக் கொடுப்பது பாசத்தின் மீதான சந்தேகமல்ல, முகவராக அவர் ஏற்றுக்கொண்ட கடமை என்று பதில் சொல்லலாம். நாளைக்குத் தங்கை கேள்வி கேட்கும்போது அந்தக் கணக்குத்தான் மகனையும் காப்பாற்றும்.

மூன்றாவது எண்ணம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் படித்த குடும்பங்களும் இதை நம்புகின்றன. நினைவு தப்பினால் உதவும் என்றுதான் பலரும் பவர் வாங்கி வைக்கிறார்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்த சுவாதீனம் இழந்தாலும் சரி, முகமை முடிந்துவிடுகிறது. வேறு சில நாடுகளில் நினைவிழந்த பிறகும் நீடிக்கும்படி பவர் எழுதச் சட்டமே வழி செய்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை. மறதி நோய் முற்றிய தாயின் பழைய பவரை வைத்து மகன் மனையை விற்றால், எவ்வளவு நல்லெண்ணத்தோடு விற்றிருந்தாலும், அந்தக் கிரயம் பின்னாளில் வழக்கில் சிக்கக்கூடும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போக வேண்டியிருந்தது. கணவர் கோமாவில் இருந்தார், சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பணம் தேவை, சொத்து அவர் பெயரில் இருந்தது. முதலில் தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பெண்ணையே பாதுகாவலராக நியமித்து வழிவிட்டது. அந்த நிலை வந்தபின் நீதிமன்றத்தைத் தவிர வேறு வாசல் இல்லை. அதனால் அம்மாவின் நினைவு தெளிவாக இருக்கும்போதே விற்க வேண்டியதை விற்க வேண்டும். அன்றாடச் செலவுக்கு அவரோடு கூட்டுக் கணக்குத் தொடங்கி, இருவரில் எவரும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டை வங்கியில் எழுதி வைக்க வேண்டும். அரசு இந்த ஓட்டையைச் சட்டத்தால் அடைக்க வேண்டும் என்பது தனியாகவே கேட்க வேண்டிய கோரிக்கை.

மரணமும் இப்படித்தான். மூச்சு நின்றதோடு பவரும் நின்றது. பவர் ஏஜெண்ட் கிரயப் பத்திரம் தாக்கல் செய்யும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றிதழைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள் கேட்பது இதனால்தான்.

இனி ரத்து. "ஒரு தடவை கொடுத்தா திரும்ப வாங்க முடியாது" என்று அம்மாவிடம் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். சாதாரணக் குடும்பப் பவரைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதே சொத்தில் முகவருக்கும் சொந்த ஆதாயம் இருந்து, அதைக் காப்பதற்காகவே பவர் எழுதப்பட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. கட்டுமான நிறுவனங்கள் வாங்கும் பவர்களில் இது அடிக்கடி வரும். அதனால் மகனிடம் பணம் வாங்கிக்கொண்டு இந்தப் பவரைக் கொடுப்பதாக ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்ல வேண்டும்; பின்னாளில் அந்த வரிதான் குறுக்கே நிற்கும்.

ரத்துப் பத்திரம் பதிந்தால் மட்டும் போதாது. முகவருக்குத் தெரிந்த பிறகுதான் ரத்து அவரைக் கட்டும், வெளியாருக்குத் தெரிந்த பிறகுதான் அவர்களைக் கட்டும் என்பது சட்டம். எனவே பவர் பதிந்த அலுவலகத்திலேயே ரத்தைப் பதிந்து, மகனுக்கு ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பி, அசல் பவரைத் திரும்பக் கேட்க வேண்டும். வங்கிக்கும், குடியிருப்பவருக்கும், விலை பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூடவே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பது தெரியும்.

இத்தனையையும் அம்மாவுக்கு விளக்க வேண்டியவர், அதிகாரத்தை வாங்கிக்கொள்கிற மகனோ மகளோதான். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவருக்குச் சாதகமாக வயதானவரோ எழுத்தறியாதவரோ எழுதிக் கொடுத்த பத்திரம் வழக்குக்கு வந்தால், அவர் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பை நீதிமன்றங்கள் பயன் பெற்றவர் மேல்தான் வைக்கின்றன. பவர் வாங்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வரைவு தயாரானதும் அதை அம்மா கையில் கொடுங்கள். அவருக்கென்று ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்து, அவர் பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது நீங்கள் வெளியே இருங்கள். எந்தச் சொத்து, என்ன காரியம், பணம் யார் கணக்குக்கு, எப்படி நிறுத்துவது என்று அம்மா தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பதிந்ததும் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி அவர் பீரோவில் வையுங்கள்.