படத்தில் கண்ணையும் வரையுங்கள்

ஒன்பதாம் வகுப்பு ஒளிப் பாடத்துக்குத் தேர்வு வரும் வாரம் இது. வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளைகள்கூட 'ஏன்?' என்று தொடங்கும் கேள்வியில் தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கதிர்ப் படம் வரைகிறார்கள். அந்தக் கதிரைப் பார்க்கும் கண் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வரைவதில்லை. கண்ணை வரைந்தால் தெளிவாகிவிடும் ஐந்து கேள்விகளை இந்த வாரம் விடையோடு தருகிறேன்.

முதல் கேள்வி: என் முழு உருவமும் தெரிய எவ்வளவு உயரமான சமதள ஆடி வேண்டும்? ஆடி சிறியதாக இருந்தால், பின்னால் தள்ளி நின்று முழு உருவத்தையும் பார்த்துவிட முடியுமா?

160 செ.மீ. உயரமுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பாதத்திலிருந்து கிளம்பும் கதிர் ஆடியில் பட்டு அவள் கண்ணுக்கு வர வேண்டும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், பாதத்துக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில், அதாவது 75 செ.மீ. உயரத்தில்தான் அந்தக் கதிர் ஆடியில் பட முடியும். உச்சந்தலையிலிருந்து வரும் கதிர் 160-க்கும் 150-க்கும் நடுவில், 155 செ.மீ. உயரத்தில் படும். ஆக, 75-லிருந்து 155 வரை 80 செ.மீ. ஆடி போதும். அது அவள் உயரத்தில் சரிபாதி.

இந்தக் கணக்கில் ஆடிக்கும் அவளுக்கும் உள்ள தூரம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பகுதிக்கு விடை அதிலேயே இருக்கிறது. அதே 80 செ.மீ. ஆடியைக் கீழ் விளிம்பு 100 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டிவிட்டால், தரையிலிருந்து 50 செ.மீ.க்குக் கீழே உள்ள எதுவும் அவளுக்குத் தெரியாது. எத்தனை அடி பின்னால் போனாலும் முழங்காலுக்குக் கீழே தெரியப் போவதில்லை. பின்னால் போனால் பிம்பமும் அதே அளவு பின்னால் போகும், சிறிதாகத் தோன்றும், ஆனால் வெட்டுப்படும் இடம் மாறாது. செங்குத்தாக மாட்டிய ஆடிக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் விடையில் எழுதுங்கள். ஆடியைச் சாய்த்தால் கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது: வெள்ளைத்தாளும் ஒளியை எதிரொளிக்கிறது. அதில் ஏன் முகம் தெரிவதில்லை?

தாளில் எதிரொளிப்பு விதி பொய்த்துப்போகிறது என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அது தவறு. ஒவ்வொரு புள்ளியிலும் விதி அப்படியே நிற்கிறது. ஆனால் தாளின் பரப்பு மேடுபள்ளமானது. புள்ளிக்குப் புள்ளி குத்துக்கோட்டின் திசை மாறுகிறது. மூக்கின் நுனியிலிருந்து வந்த கதிர்கள் பல திசைகளில் சிதறுகின்றன. கண்ணுக்கு வந்துசேரும் அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. புள்ளி இல்லையென்றால் பிம்பமும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீருக்குள் கிடக்கும் நாணயத்தை நேர் மேலிருந்து பார்க்கிறோம். குத்துக்கோட்டின் வழியே வரும் கதிர் வளையாது. அப்படியிருக்க, நாணயம் ஏன் அப்போதும் உயர்ந்து தெரிகிறது?

சாய்வாகப் பார்ப்பவருக்குக் கதிர் வளைவதால் நாணயம் உயர்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நேர் மேலே என்றதும் பலர் 'உயராது' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே ஒரு கதிரை வைத்துக்கொண்டு ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்மணிக்கு அகலம் உண்டு. நாணயத்தின் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் மெல்லிய கதிர்க்கற்றை அதற்குள் நுழைகிறது. அதன் நடுக்கதிர் மட்டுமே நேராக வருகிறது. பக்கத்துக் கதிர்கள் வளைகின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரின் ஆழம் 12 செ.மீ. பக்கத்துக் கதிர் ஒன்று, நடுக்கதிரிலிருந்து 3 மி.மீ. தள்ளி நீர்ப்பரப்பைத் தொடுகிறது. 12 செ.மீ. ஏறுவதற்குள் 3 மி.மீ. விலகினால் அதன் சாய்வு நாற்பதில் ஒரு பங்கு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 4/3. கோணம் சிறியதாக இருப்பதால், காற்றுக்குள் வந்ததும் சாய்வு 4/3 மடங்காகி முப்பதில் ஒரு பங்காகிறது. கண்ணுக்குத் தெரிவது இந்தப் புதிய சாய்வு மட்டுமே. அதைப் பின்னோக்கி நீட்டினால், 3 மி.மீ.யின் முப்பது மடங்கில், அதாவது பரப்பிலிருந்து 9 செ.மீ. ஆழத்தில், நடுக்கதிரைச் சந்திக்கிறது. நாணயம் அங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. படத்தில் தெரிவதற்காகத்தான் 3 மி.மீ. என்று எடுத்தேன், உண்மையில் கண்ணுக்குள் நுழைபவை இன்னும் நெருக்கமான கதிர்கள். விலகலை ஒரு மி.மீ. ஆக்கினாலும் அதே 9 செ.மீ.தான் வரும். ஆழத்தை ஒளிவிலகல் எண்ணால் வகுக்கும் சூத்திரம் இதிலிருந்து பிறந்ததே. நேர் மேலிருந்து பார்க்கும்போதுதான் அது செல்லும். மிகச் சாய்வாகப் பார்த்தால் நாணயம் இன்னும் மேலே தெரியும்.

நான்காவது: ஒளி தண்ணீருக்குள் போனால் அலைநீளம் குறைகிறது. சிவப்புச் சட்டை அணிந்தவர் குளத்தில் இறங்கினால் சட்டையின் நிறம் மாற வேண்டாமா?

காற்றில் 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு, தண்ணீரில் ஏறத்தாழ 525 ஆகிறது. வேகமும் நொடிக்கு 3 லட்சம் கி.மீ.யிலிருந்து 2.25 லட்சமாகக் குறைகிறது. மாறாதது அதிர்வெண். எல்லையில் நொடிக்கு எத்தனை அலைகள் வந்துசேர்கின்றனவோ அத்தனையும் அந்தப் பக்கம் போயாக வேண்டும். நடுவில் தேங்கி நிற்க இடமில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண். இங்கேயும் கண்ணை நினைத்துப் பாருங்கள். விழித்திரைக்கு முன்னால் இருக்கும் திரவத்தின் ஒளிவிலகல் எண் தண்ணீருடையதுதான், ஏறத்தாழ. வெளியே காற்று இருந்தாலும் தண்ணீர் இருந்தாலும், விழித்திரையைத் தொடும்போது அந்தச் சிவப்பின் அலைநீளம் ஒன்றே.

கடைசிக் கேள்வி: முழு அக எதிரொளிப்பு ஏன் தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகும்போது மட்டும் நிகழ்கிறது? காற்றிலிருந்து தண்ணீருக்குப் போகும்போது ஏன் இல்லை?

தண்ணீருக்குள்ளிருந்து 30 பாகைப் படுகோணத்தில் வரும் கதிர் காற்றில் சுமார் 42 பாகையில் வெளியேறும். 40 பாகை 59 ஆகும். ஏறத்தாழ 48.6 பாகையில் விலகு கோணம் 90-ஐத் தொட்டு, கதிர் நீர்ப்பரப்பை ஒட்டிப் போகிறது. அதுவே மாறுநிலைக் கோணம். 50 பாகை என்றால் விலகு கோணத்தின் சைன் மதிப்பு ஒன்றைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு கோணமே இல்லை. காற்றிலிருந்து வரும் கதிரோ குத்துக்கோட்டை நோக்கி வளைவதால் விலகு கோணம் எப்போதும் படுகோணத்தைவிடச் சிறியது. 90-ஐ எட்ட வழியே இல்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மாறுநிலைக் கோணத்துக்குக் கீழேயும் கொஞ்சம் ஒளி திரும்பித் தண்ணீருக்குள் வரத்தான் செய்கிறது. அதைத் தாண்டிய பிறகு எல்லா ஒளியும் திரும்புகிறது. 'முழு' என்று சொல்வது அதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். அது வெள்ளித் தகடாக மின்னும். பரப்புக்கு மேலே பேனாவை நீட்டினால் அந்தத் தகட்டின் வழியே தெரியாது. நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள்: கீழே ஒரு நுனியும், தகட்டுக்கு மேலே தலைகீழாக இன்னொரு நுனியும் தெரியும்.