கிறேனுக்குக் கீழே ஹெல்மெட் போதாது

துறைமுகத்தில் ஒருவர் அடிபட்டால் முதலில் வாற கேள்வி: "ஹெல்மெட் போட்டிருந்தவரோ?" அடுத்தது: "கொஞ்சம் கவனமா நிண்டிருக்கலாமே." இரண்டும் பிழையான கேள்விகள். அந்த மனிதர் ஏன் அந்த இடத்தில் நிற்க வேண்டி வந்தது என்றுதான் கேட்க வேணும்.

அந்த இடம் எது எண்டு பார்ப்பம். கப்பலின் மேல்தளத்தில் கொள்கலன்களை அடுக்கும்போது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள மூலைகளில் ட்விஸ்ட்லொக் என்ற இரும்புப் பூட்டுகளை மாட்டுவார்கள். ஒரு பூட்டு ஐந்து, ஆறு கிலோ வரும். இறக்கும் நேரத்தில் லாஷிங் தொழிலாளர்கள் பிணைப்புக் கம்பிகளைக் கழற்றி, பூட்டுகளைத் திறந்துவிடுவார்கள். கிறேன் பெட்டியைத் தூக்கும்போது அந்தப் பூட்டுகள் அடிமூலைகளில் தொங்கிக்கொண்டே கூட வரும். அவற்றோடு பெட்டியை லொறியில் வைக்கேலாது. அதனால் கிறேன் அதைக் கை எட்டும் உயரத்தில் நிறுத்தும். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நான்கு பூட்டுகளையும் கையால் கழற்றுவார்கள். கப்பலில் ஏற்றும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். கொழும்புக்கு வரும் பெட்டிகளில் பெரும்பகுதி இன்னொரு கப்பலுக்கு மாறிப் போறவை. ஆகவே ஒரே பெட்டிக்கு இந்த வேலை இரண்டு தரம்.

இப்ப கணக்குப் பாருங்கோ. ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில் 5 கிலோ எடையை 1 மீற்றர் உயரத்தில் இருந்து போடுகிறார்கள். சரியாக மாட்டாத ஒரு பூட்டு 30 மீற்றரில் இருந்து விழுந்தால், அதே எடை முப்பது மடங்கு சக்தியோடு வருகிறது. பக்கத்து லேனில் லொறிகள் ஓடுகின்றன. பூட்டுக் கழற்றக் குனிந்து நிற்பவர் சாரதியின் கண்ணாடியில் தெரியமாட்டார். மேலே இருக்கும் கிறேன் இயக்குநருக்குப் பெட்டியின் கூரைதான் தெரியும். அங்கே எவ்வளவு கவனமாக நின்றும் என்ன பயன்?

வழி இல்லாமல் இல்லை. பூட்டுக் கழற்றுவதற்கென்று லொறிப் பாதைக்கு வெளியே, மேலே கூரையும் பக்கத்தில் இரும்புத் தடுப்பும் உள்ள தனி நிலையம் வைக்கலாம். லொறி அங்கே வந்து நிற்கும். ஆட்கள் தடுப்புக்குள் திரும்பிவிட்டார்கள் என்ற சைகை கிடைக்கும்வரை சாரதி அசையக்கூடாது. சில கிறேன்களில் அதன் சட்டத்திலேயே இதற்கான மேடை இருக்கிறது. தரையில் மஞ்சள் கோடு கீறுவது இதற்கு ஈடாகாது. கோடு லொறியை நிறுத்தாது.

"நேரம் போகும்" எண்டு சொல்லுவினம். போகும்தான், ஒரு பெட்டிக்குச் சில செக்கன்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி என்று எண்ணி அதற்குக் காசு கொடுக்கும் முறையில், அந்தச் செக்கன்களைத் தொழிலாளி தன் உடம்பால் கட்டுகிறார். விபத்து நடந்த பிறகு அதற்கு 'கவனயீனம்' என்று பெயர் வைக்கிறார்கள்.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் ஹெல்மெட்டைத் தேடாதேங்கோ. தடுப்பு எங்கே இருந்தது, லொறியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருந்தது எண்டு கேளுங்கோ.