கடைசியில் 1 இருக்கா?

ஹாரி பாட்டர் முதல் பாகம், ‘1997 பதிப்பு’ என்று யாராவது பெரிய விலை சொன்னால் மயங்கிவிடாதீர்கள். பிறகு வந்த அச்சுகளிலும் அந்த வருடம் இருக்கும். காப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 என இறங்கும் எண் வரிசையைப் பாருங்கள். 1-ல் முடிந்தால்தான் முதல் அச்சு. 2-ல் முடிந்தால் இரண்டாவது. 53-ம் பக்கப் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வருவதும் அடையாளம்தான். ஆனால், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கெட்டி அட்டையில் முதலில் வந்தது 500 பிரதிகளே. பல நூலகங்களுக்குப் போய்விட்டன. முத்திரையும் ஒட்டுச்சீட்டுமாக இருக்கும் அவை ‘எக்ஸ் லைப்ரரி’, விலை குறையும். புதுசு போலிருந்தால் ‘ஃபைன்’. ‘குட்’ என்றால்? நல்லா இருக்குன்னு அர்த்தமில்லைங்க! பக்கங்கள் முழுசாக இருக்கும், ஆனால் நன்றாக அடிபட்ட பிரதி.