எதற்கு இரண்டு ரூபாய்?

துறையூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் முசிறி, உப்பிலியபுரம் கடைகளுக்கு ஏஜென்ட் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நூத்துக்கு ரெண்டு ரூபா" என்று வாயால் சொன்னால் போதாது. கடைக்காரர் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கெடுத்து 60,000 மட்டும் கட்டினால், பில்லுக்கு என்றால் கமிஷன் 2,000. வசூலுக்கு என்றால் 1,200. வசூல் கணக்கே நியாயம் என்பேன். ஆனால் வந்த பணத்துக்கான கமிஷன் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் ஏஜென்ட் கைக்குப் போய்விட வேண்டும். இந்தத் தேதியையும் எழுதிவையுங்கள்; தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வேலை முடியும்வரை ஏஜென்டுக்குக் கூலி பாக்கியாகாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆவது பிரிவு. எந்தக் கடை ஏஜென்டின் கணக்கு என்ற எல்லையில்தான் மனக்கசப்பு அதிகம். அவர் பிடித்துக் கொடுத்த முசிறிக் கடை, பிறகு நேரே ஆலைக்கு போன் போட்டு மூட்டை கேட்டால்? அதற்கும் கமிஷன் உண்டு என்று ஊர்ப்பெயரோடு எழுதிக் கொடுங்கள்.